"சும்மா வந்து பார்த்துட்டுப் போ தம்பி!"

நம் கல்லூரியில் பலர் விடுமுறையில் ஏதாவது ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் போய் வருகிறோம். சிலர் 13 நாள் படிப்பில் சி.சி.டி.வி. கேமரா பொருத்தக் கற்றுக்கொண்டார்கள். நான் கற்றது இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ். எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், ஒன்றைத் தவிர. ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர எவ்வளவு வாங்குவது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரியைச் சும்மா பார்த்துத் தருகிறவனை நம்பக் கூடாது. நான் அப்படிப் போனவன், அதனால் சொல்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் விழுப்புரம் மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த பிறகு எல்லார் வீட்டிலும் ஒரே புகார்: "இன்வெர்ட்டர் நிக்கவே மாட்டேங்குது." அப்போது நான் ஒரு பேட்டரிக் கடைக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். விசிட் இலவசம், புது பேட்டரி விற்றால்தான் எனக்குக் கமிஷன்.

விழுப்புரத்தில் ஒரு வீடு. தனியாக இருக்கும் வயதான அம்மா. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி. ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். நல்ல பேட்டரி முழு சார்ஜில் 1240 அளவில் காட்ட வேண்டும். இது 1120 காட்டியது, ஆறு செல்லிலும். "போச்சும்மா, மாத்தணும்" என்றேன். அந்தம்மா மறுபேச்சுப் பேசவில்லை. பழசைக் கழித்துக்கொண்டு புதுசு வைத்தோம்.

ஒரு வாரம் கழித்துக் கடையின் பின்பக்கம் அதே பேட்டரியைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் சார்ஜில் போட்டு வைத்திருந்தார்கள். ஆசைக்கு ஹைட்ரோமீட்டரை விட்டேன். ஆறு செல்லும் 1230! அதைப் பழைய பேட்டரி என்று வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார்கள்.

என் தப்பு எங்கே? ஆறு செல்லும் சமமாகக் குறைந்திருந்தால் அது பெரும்பாலும் செத்த பேட்டரி அல்ல, பட்டினி கிடக்கும் பேட்டரி. நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் அடிவரை காலியாகிவிட்டது, அவ்வளவுதான். (மாதக்கணக்கில் அப்படியே போட்டு வைத்தால் பிளேட்டில் சல்பேட் இறுகி உண்மையிலேயே செத்துப்போகும், அது வேறு கதை.) ஐந்து செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால்தான் செல் போச்சு என்று அர்த்தம். ஆனால் இந்த வித்தியாசம் முழுசாகச் சார்ஜ் ஏறிய பிறகுதான் தெரியும். 150 ஏ.எச். பேட்டரி வெறுமையிலிருந்து ஏற, வீட்டு இன்வெர்ட்டரில் ஒருநாளைக்குக் குறையாமல் விட வேண்டும். தண்ணீர் ஊற்றிய உடனே ரீடிங் எடுப்பதும் வீண். புதுத் தண்ணீர் மேலாகவே நிற்கும், சார்ஜ் ஏறிக் கொதித்தால்தான் ஆசிட்டோடு கலக்கும்.

ஆக, யோக்கியமாகப் பார்க்க இரண்டு தடவை போக வேண்டும். விசிட்டே இலவசம் என்றால் எவன் இரண்டாவது தடவை போவான்? முதல் தடவையிலேயே "போச்சு" என்று சொல்வதுதான் அவனுக்கு லாபம். ஆள் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நானே சொன்னேனே!

இப்போது தனியாகச் செய்கிறேன். திண்டிவனத்தில் ஒரு மளிகைக் கடை. மூன்று மணி நேரம் நின்ற இன்வெர்ட்டர் அரை மணியில் கூவ ஆரம்பித்துவிடுகிறது. வேறொருவர் வந்து மாற்றச் சொல்லிவிட்டாராம். போனிலேயே சொன்னேன்: "முதல் தடவை 200, ஒரு வாரம் கழிச்சு மறுபடி வர 150. தண்ணி தனி, வாங்கின விலைதான்."

"இன்னா தம்பி, பாக்கறதுக்கே காசா? மத்தவங்கள்லாம் சும்மா வர்றாங்களே!"

"அதனாலதாண்ணே மாத்தச் சொல்றாங்க" என்றேன். சிரித்துவிட்டு வரச் சொன்னார்.

ஆறு மூடியிலும் மிதவை அடியில் கிடந்தது. டிஸ்டில்டு வாட்டர் மூன்று லிட்டர் பிடித்தது. டெர்மினலில் பூத்திருந்ததை வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து, முடுக்கி, வாசலின் தடவினேன். ரீடிங் எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை போனேன். ஐந்து செல் 1235, 1240 என்று நின்றன. மூன்றாவது செல் மட்டும் 1160. மெயினை அணைத்து இரண்டு ஃபேன், லைட்டெல்லாம் போட்டேன். பத்து நிமிடத்தில் 12.5 வோல்ட் 11-க்குக் கீழே வந்தது. மூன்றாவது செல்லில் மட்டும் குமிழி கிளம்பியது. செல் போச்சு.

"350 குடுத்தும் புதுசுதானா?" என்று அண்ணன் முகம் சுருங்கியது. வாரண்டி கார்டைத் தேடச் சொன்னேன். வாங்கி 28 மாதம், வாரண்டி 36 மாதம். ஆறு செல் ரீடிங்கையும் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் குறைந்ததைக் காட்டி டீலர் முதலில் முரண்டு பிடித்திருக்கிறார். பிறகு அவரே சோதித்துப் பார்த்து மாற்றிக் கொடுத்துவிட்டார். முதலில் வந்தவர் பேச்சைக் கேட்டிருந்தால் 15,000 ரூபாய் அளவுக்குக் கையை விட்டுப் போயிருக்கும்.

அது என்ன 200, 150 என்று கேட்பீர்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். போக வர 80. என் பைக்கு லிட்டருக்கு 50 கொடுக்கும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 160. டயர், ஆயிலுக்கு 40 சேர்த்தால் 200. (விக்கிரவாண்டி டோல்கேட்டில் பைக்குக்குக் காசு இல்லை, அது ஒரு மிச்சம்!) ரோட்டில் இரண்டு மணி நேரம். நாள் கூலி 800 என்று வைத்தால் மணிக்கு நூறு, அதாவது 200. வீட்டுப் படி ஏறும் முன்பே 400 ரூபாய் போய்விட்டது. ஒரே ஒரு கடைக்காகப் போனால் அதை முழுக்க அவர் தலையில்தான் கட்ட வேண்டும். யாரும் தரமாட்டார்கள், தருவதும் நியாயமில்லை.

அதனால் திண்டிவனத்துக்குச் சனிக்கிழமை மட்டும்தான் போவது. ஐந்து இடம் சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பேன். 400-ஐ ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 80. முதல் விசிட் ஒரு மணி நேர வேலை, 180 ஆகிறது. இரண்டாவது அரை மணி, 130. ஏதாவது ஒரு வீடு பூட்டியிருந்தால் ஈடுகட்ட இருபது இருபது சேர்த்தேன். ஒரு வாரம் காத்திருக்கச் சொல்வதும் இதில் பொருந்திவிடுகிறது; பேட்டரிக்கும் அந்த வாரம் சார்ஜ் ஏறத் தேவைதானே.

"பேட்டரி வாங்கினா விசிட் சார்ஜைக் கழிச்சுக்கலாம்னு சொல்லேன், ஆள் நிறைய வரும்" என்கிறான் என் ரூம்மேட். அதைத்தான் கூடாது என்கிறேன். கழிக்க ஆரம்பித்தால் விற்றாக வேண்டும் என்ற எண்ணம் தானாக வரும். விற்கிற காசு வேறு, பார்க்கிற காசு வேறாகவே இருக்கட்டும். ஆள் குறைவாகத்தான் வருகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஐந்து இடம் சேராமல் திண்டிவனம் போகாத சனிக்கிழமைகளும் உண்டு.

விழுப்புரத்து அந்தம்மா வீட்டுக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வருகிறேன். காசு வாங்குவதில்லை. "ஏம்ப்பா, எங்கிட்ட மட்டும் வாங்க மாட்டேங்கற?" என்று கேட்டார்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன்.