மைய்யித்து வீட்டு வாசலில் கணக்கு நோட்டா?

அன்பிற்குரிய வியாபாரிகளே! கடையில் கணக்கு எழுதும் இளைஞர்களே!

உங்களிடம் ஒரு கேள்வி. பல வருடமாக உங்கள் கடையில் சரக்கு எடுத்த ஒருவர் திடீரென்று மவுத்தாகி விடுகிறார். அவர் பெயரில் பாக்கி நிற்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நம் கடைத்தெருவில் இரண்டு காட்சிகளைத்தான் பார்க்கிறோம். ஒருவர், கபர் மண் காய்வதற்குள் நோட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் முன்னால், "உங்க வாப்பா எனக்கு இவ்வளவு தரணும்" என்கிறார். இன்னொருவர், "சாவு வீட்டில் எப்படிக் கேட்பது?" என்று வீட்டாரிடம் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து, "என் பணத்தைத் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தான்" என்று ஊரெல்லாம் சொல்வார்.

முதலாமவர் உயிரோடிருப்பவர்களைக் காயப்படுத்துகிறார். இரண்டாமவர் பதில் சொல்ல முடியாதவரின் மானத்தை விற்கிறார். இருவரும் செய்யத் தவறியது ஒன்றே ஒன்றுதான். ஒழுங்காக ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும்!

கடன் யார் மீது?

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பாக்கி அந்த விதவையின் மீதும் இல்லை, மகன் மீதும் இல்லை. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் மீதுதான் இருக்கிறது. சூரத்துன் நிஸாவின் 11, 12 வசனங்கள் பாகப்பிரிவினையைச் சொல்லும்போது, மரண சாசனமும் கடனும் தீர்ந்த பிறகே பங்கு என்று திரும்பத் திரும்ப நிபந்தனை போடுகின்றன. கபன், அடக்கச் செலவு முதலில். அடுத்தது கடன். பிறகு வஸிய்யத். அதற்குப் பிறகே வாரிசுகளின் பாகம்.

நாட்டின் சட்டமும் இங்கே வேறுபடவில்லை. இறந்தவரின் சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. சொத்தே இல்லை என்றால் மகனின் சம்பளத்தைப் பிடிக்க உங்களுக்கு உரிமை கிடையாது. உங்கள் வாடிக்கையாளர் இந்துச் சகோதரராக இருந்தாலும் இதை நினைவில் வையுங்கள். தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய வாதத்தை வைத்து மட்டும் மகன் மீது வழக்குப் போடும் வழியை, 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதற்குப் பிந்தைய கடன்களுக்கு அடைத்துவிட்டது.

அப்படியிருக்க, அழுதுகொண்டிருக்கும் பையனிடம் முழுத் தொகைக்கும் புரோநோட்டு எழுதி வாங்குகிறீர்களே, இது என்ன நியாயம்? சொத்தின் மீதிருந்த கடனை ஒரு தனிமனிதன் தலையில் ஏற்றுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியவில்லையா?

ஜுபைர் (ரலி) வீட்டில் நடந்தது

கடன்காரரும் வாரிசும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஜமல் போரின்போது, கி.பி. 656ல், ஜுபைர் பின் அவ்வாம் (ரலி) கொல்லப்பட்டார்கள். மக்கள் அமானிதமாகக் கொண்டுவந்த பணத்தை, "வேண்டாம், கடனாகத் தாருங்கள், தொலைந்தாலும் நான் பொறுப்பு" என்று வாங்கியதால் சேர்ந்த கடன் அவர்களுடையது. மகன் அப்துல்லாஹ் (ரலி) கணக்குப் பார்த்தபோது 22 இலட்சம் வந்தது.

அதில் நான்கு இலட்சம் அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியது. அவர்கள் வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? நீங்கள் விரும்பினால் விட்டுவிடுகிறேன் என்றார்கள். மகன் ஏற்கவில்லை. அப்படியானால் கடைசியாகத் தாருங்கள் என்றார்கள். மகன் அதையும் ஏற்கவில்லை. நிலத்தில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். கேட்டவர் விட்டுக்கொடுக்க முந்தினார். கொடுக்க வேண்டியவர் தீர்த்துவிட முந்தினார்.

அதோடு நிற்கவில்லை. தெரிந்த கடன் எல்லாம் தீர்ந்ததும் மற்ற வாரிசுகள் பாகம் கேட்டார்கள். மகனோ நான்கு வருடம் ஹஜ்ஜுடைய காலத்தில், "ஜுபைர் மீது கடன் உள்ளவர்கள் வாருங்கள்" என்று அறிவித்த பிறகே பாகம் பிரித்தார்கள். இன்றைக்கு எந்த வாரிசு இப்படி அறிவிக்கிறார்? அறிவிப்பு வராத காலத்தில் உங்கள் கடிதம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

எழுதும் முன் உங்கள் நோட்டைத் திருத்துங்கள்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி சாலையில், உங்களுக்கு ஒரு சிமெண்ட், கம்பிக் கடை. வீடு கட்டித் தரும் ஒரு மேஸ்திரி உங்களிடம் கடனுக்கு எடுத்து வந்தார். அவர் இறந்த அன்று நோட்டில் பாக்கி 92,000 ரூபாய். அவருக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள்.

உடனே 92,000 என்று எழுதிவிடாதீர்கள். கடைசி வேலையில் மிஞ்சிய பத்து மூட்டை சிமெண்டை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். பையன் அதை வரவு வைக்கவில்லை. மூட்டை 400 ரூபாய் வீதம் 4,000 கழிய வேண்டும். அவர் உயிரோடிருந்தால், "அண்ணே, அந்தப் பத்து மூட்டை என்னாச்சு?" என்று கேட்டிருப்பார். இப்போது கேட்க ஆளில்லை. எனவே அவர் பக்கத்து வக்கீலாகவும் நீங்களே இருந்து நோட்டைப் பார்க்க வேண்டும். டெலிவரி சீட்டில் யார் கையெழுத்து, எந்தத் தேதி, ஜிபேயில் வந்தது ஏறியதா என்று வரிவரியாகப் பாருங்கள். உண்மையான பாக்கி 88,000.

பாகம் பிரிக்கும் முன்பே இது மொத்தச் சொத்திலிருந்து தீர்ந்துவிட்டால் நல்லது. பிரித்துவிட்டார்கள் என்றால், நம் ஷரீஅத் சட்டப்படி ஒவ்வொரு வாரிசும் தன் பங்கின் அளவுக்குத்தான் கடனுக்குப் பொறுப்பு. மனைவிக்கு எட்டில் ஒன்று என்பதால் 11,000. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்கு ஒவ்வொரு பங்கு. ஆகவே மகன் 38,500, மகள்கள் ஆளுக்கு 19,250. "மூத்தவன்தானே, அவனே கட்டட்டும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

அதனால்தான் கடிதம் எல்லா வாரிசுகளின் பெயருக்கும் போக வேண்டும். 1885ல் ஜாஃப்ரி பேகம் வழக்கில் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சையத் மஹ்மூத் தெளிவாகச் சொன்னார்: இறந்த நொடியிலேயே சொத்து எல்லா வாரிசுகளுக்கும் போய்விடுகிறது, வழக்கில் சேர்க்கப்படாத வாரிசின் பங்கை, மற்றவர் மீது வாங்கிய தீர்ப்பு கட்டுப்படுத்தாது. கட்டிக்கொடுத்த மகளைக் கடன் கடிதத்தில் சேர்ப்பதற்குக் கூச்சப்படுகிறீர்களா? சொத்தில் அவளுக்குப் பங்கு உண்டு என்பதை அந்த வீட்டுக்கு நினைவூட்டும் முதல் காகிதமாகவும் அது இருக்கட்டுமே!

யார் யார் வாரிசு என்பதில் சந்தேகம் இருந்தால், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதல் கடிதத்துக்கு அது தேவையில்லை.

எப்போது, யார் கையில்?

அவசரம் வேண்டாம். தவணை பேசாமல் கடனுக்கு விற்ற சரக்குக்கு, கொடுத்த தேதியிலிருந்து மூன்று வருடம் வழக்குப் போடக் கெடு இருக்கிறது. மூன்று வருடம் இருக்கும்போது மூன்றாம் நாளே எதற்கு ஓடுகிறீர்கள்? ஒரு மாதம் போகட்டும். ஆனால் ஒவ்வொரு பில்லின் தேதியையும் பாருங்கள். இரண்டரை வருடத்துப் பழைய பில் ஒன்று கிடந்தால், மவுத்துக்காகக் கெடு நின்றுவிடாது.

மனைவி இத்தாவில் இருக்கிறார், நான்கு மாதம் பத்து நாள். கடைப் பையனை அவர் வாசலுக்கு அனுப்பாதீர்கள். உறையை ஒட்டி, மகனிடமோ மைத்துனரிடமோ தனியாகக் கொடுங்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் வைத்துப் பேசாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஒப்புகைச் சீட்டுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மர்ஹூம் ....... அவர்களின் வாரிசுதாரர்கள் (நால்வரின் பெயர்கள்) அனைவருக்கும், அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தகப்பனார் எங்கள் கடைக்குப் பல வருடம் நேர்மையாக வரவு செலவு வைத்திருந்தவர்கள். அல்லாஹ் அவர்களுடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக.

"எங்கள் கணக்குப்படி அவர்கள் விட்டுச் சென்ற சொத்திலிருந்து வரவேண்டியது ரூ. 88,000. பில் நகல்களும், அவர்கள் செலுத்தியதும், திருப்பிய சரக்கும் சேர்த்த விவரமும் இத்துடன் உள்ளன. நீங்கள் சரிபார்த்து, தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். அவர்கள் குறிப்பில் நாங்கள் தரவேண்டியது ஏதும் இருந்தாலும் தெரிவியுங்கள்.

"இதை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கேட்கவில்லை. சொத்து விவரம் தெரிந்து, பாகம் பிரிக்கும் முன் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்று மாதத்திற்குள் உங்களுக்கு வசதியான ஒரு நாளில் பேசலாம்."

இதில் மிரட்டல் இல்லை. "கடனோடு போனால் கபரில் வேதனை" என்ற வரியும் இல்லை. கடன் பற்றிய ஹதீஸ்கள் வாங்கியவர் அஞ்சுவதற்கும் வாரிசு விரைவதற்கும் வந்தவை. விதவையை அழவைத்து வசூலிக்கும் சாட்டையாக அவற்றை எடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

வாரிசுகள் கணக்கை ஒப்புக்கொண்டால், கெடு முடிவதற்குள் வயது வந்த ஒவ்வொருவரிடமும் தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திட்டவரைப் பொறுத்து அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். மைனர் பிள்ளைக்காகத் தாய் போடும் கையெழுத்து பிள்ளையின் சொத்தைக் கட்டாது. அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். கொடுக்கப்படாத மஹரும் கடன்தான். உங்கள் பாக்கியோடு அதுவும் ஒரே வரிசையில் நிற்கிறது. சொத்து எல்லாக் கடனுக்கும் போதவில்லை என்றால் நீங்களும் அந்த அம்மாவும் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டியவர்கள். அவர் உங்களுக்குக் கடன்பட்டவர் அல்ல, உங்களைப் போல வரவேண்டியவர்!

விட்டுக்கொடுக்க நினைக்கிறீர்களா? ஊர் பெரியவர்கள் நெருக்கினார்கள் என்பதற்காக முணுமுணுத்துக்கொண்டு விடாதீர்கள். மனமுவந்து விடுங்கள். விட்டால், பில்லின் குறுக்கே "பாக்கி இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு வாரிசுகள் கையில் கொடுங்கள். நாளைக்கு உங்கள் மகன் அந்த நோட்டைப் புரட்டி, அந்த மகனைத் தெருவில் நிறுத்தாமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

இன்று இரவு கடை சாத்தும் முன் நோட்டைத் திறந்து பாருங்கள், சகோதரர்களே! இறந்தவர் பெயரில் நிற்கும் பக்கம் ஒன்றாவது இருக்கும்.