பக்கக் கணக்கு என்னும் மூடநம்பிக்கை

வாரத்திற்கு இருநூறு பக்கங்கள், நாளொன்றுக்கு முப்பது என்று வகுத்துக் கொடுக்கும் அட்டவணைகள் ஆய்வு மாணவர்களிடையே மீண்டும் உலவுகின்றன. எல்லாப் பக்கமும் ஒரே நேரம் எடுக்கும் என்ற அனுமானத்தின்மீது எழுப்பப்பட்ட அட்டவணை வாசிப்புக்கு உதவாது. குற்றவுணர்வை வளர்க்கவே உதவும்.

சாதி குறித்த ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பாடத்திட்டத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரை, லூயி துய்மோனின் ‘ஹோமோ ஹையரார்க்கிகஸ்’, எம்.என். சீனிவாஸ் 1959இல் ராம்புராவின் ஆதிக்கச் சாதி பற்றி எழுதிய கட்டுரை. துய்மோனுக்கு இயல் எண் தரப்படவில்லை. முழு நூலையா படிப்பது? முதல் வேலை, ஆசிரியரிடம் கேட்டு அதைத் தூய்மை, தீட்டு பற்றிய இரண்டாம் இயலாகச் சுருக்கிக்கொள்வதுதான். இயல் எண் இல்லாத நூற்பெயர் பட்டியலில் ஏறவே கூடாது.

அடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து பக்கங்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, குறிப்பெடுத்தபடியே படியுங்கள். எனக்குச் சீனிவாஸ் பக்கத்துக்கு மூன்று நிமிடம், அம்பேத்கர் நான்கு, துய்மோன் எட்டு. பதினாறு பக்கச் சீனிவாஸுக்கு 48 நிமிடம். இருபது பக்க அம்பேத்கருக்கு 80. முப்பது பக்கத் துய்மோனுக்கு 240. மொத்தம் ஆறு மணிக்குச் சற்று மேல். அந்த வாரம் என்னிடம் இருந்ததோ ஐந்தரை மணி நேரம்.

குர்லாவிலிருந்து சிஎஸ்எம்டிக்குச் செல்லும் அரைமணியையும் இதில் சேர்க்கச் சொல்வார்கள். காலை நெரிசலில் ஒரு கை கம்பியில் தொங்கும்போது பென்சிலை எந்தக் கையில் பிடிப்பது? ரயிலில் ஏற்கெனவே படித்ததை மறுபடி புரட்டலாம்; துய்மோனை முதன்முறையாகப் படிக்க முடியாது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குறைந்த நேரம் எடுப்பதை முதலில் வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். சீனிவாஸும் அம்பேத்கரும் முடிந்துவிடும், மனமும் நிறையும். துய்மோனுக்கு மிஞ்சுவது மூன்றரை மணிக்கும் குறைவு. பாதி இயலோடு வகுப்பறைக்குப் போவார்கள். மூன்று வாரமாக ஒரே தலைப்பு பட்டியலின் அடியில் கிடந்தால் இந்நோய் பற்றிவிட்டது என்று அறியலாம்.

முன்னுரிமையை நேரம் தீர்மானிக்கக் கூடாது. அந்த வார வகுப்பின் கேள்வி தீர்மானிக்க வேண்டும். கேள்வி தூய்மைக் கோட்பாடு என்றால் துய்மோன் முதலில். சாதியின் இயக்கத்தை அகமணத்தில் கண்ட அம்பேத்கர் அதற்கு எதிர்வாதம் தருவதால் இரண்டாவது. இரண்டும் சேர்ந்து 320 நிமிடம். பத்து நிமிடம் மீதி. ஒரே முன்னுரிமை கொண்ட இரண்டு கட்டுரைகள் இருந்தால் மட்டும் நேரத்தைப் பார்த்துச் சிறியதை முன்னே வைக்கலாம்.

சீனிவாஸை அடுத்த வாரத்துக்கு, கிழமை குறித்துத் தள்ளினேன். இரண்டாம் முறையும் தள்ள நேர்ந்தால் அவர் பட்டியலின் தலைப்பில் ஏறவேண்டும், அல்லது பட்டியலிலிருந்தே நீங்கவேண்டும். என் விஷயத்தில் ஏறினார்.