13 ஆம்பியர் பியூஸ் மோட்டாரைக் காக்காது

சதுர முள் கொண்ட 13 ஆம்பியர் பிளக்தான் நாட்டுக்கு ஒரே தரம் என்று இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முடிவெடுத்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. லயங்களுக்கு அந்த முடிவு இப்போதுதான் வந்து சேர்கிறது. பழைய தண்ணீர் மோட்டாரின் உருண்டை முள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது மாட்டும் வேலை நம்மில் பலருக்கும் வந்துகொண்டிருக்கிறது. தரம் ஒன்றானது நல்லதுதான். அதில் இந்த இதழுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிளக்கை மாட்டிவிட்டு, "இதுக்குள்ளயே பியூஸ் இருக்கு, இனி மோட்டார் எரியாது" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அரைக் குதிரைவலு மோட்டார் ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய 2.6 ஆம்பியர். சுற்றாமல் உம்மென்று நின்றால் 10 ஆம்பியர் வரை போகும். 13 ஆம்பியர் பியூஸ் தன் அளவைப் போல் 1.6 மடங்கை, அதாவது 20.8 ஆம்பியரை, அரை மணி நேரமாவது தாங்க வேண்டும் என்பதுதான் அதன் தரவிதி. பத்து ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 16 ஆம்பியர் பிரேக்கருக்கும் அப்படியே. இரண்டும் வயரைக் காக்க வந்தவை. மோட்டாரைக் காப்பது சுருளுக்குள் இருக்கும் ஓவர்லோட் மட்டுமே. மலிவு மோட்டார்கள் சிலவற்றில் அதுவும் இருப்பதில்லை. 3 ஆம்பியர் பியூஸ் போட்டுப் பார்க்கலாமே என்பவர்களுக்கு: ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் வரும் இழுப்பில் அது விரைவில் களைத்துப் போகும், பிறகு வீட்டுக்காரர் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிவிடுவார்.

அண்மையில் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பீலித் தொட்டியிலிருந்து லயத்துத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் அரைக் குதிரைவலு மோட்டார். வார்ப்பிரும்பு உடல், பித்தளை இம்பெல்லர். உம்மென்கிறது, சுற்றவில்லை, எதுவும் ட்ரிப் ஆகவில்லை. வீட்டுக்கார அம்மா நாற்பது நொடி பார்த்துவிட்டு அணைத்திருக்கிறார். அந்தப் பொறுமையின்மைதான் சுருளைக் காப்பாற்றியது.

பிளக்கைக் கழற்றினேன். பின்பக்க மூடியை எடுத்து மின்விசிறி இறக்கையைக் கையால் திருப்பினேன். அசையவில்லை. இவ்வகைப் பம்பில் இம்பெல்லருக்கும் உடலுக்கும் நடுவே மிக மெல்லிய இடைவெளிதான் இருக்கும். மழைக்காலம் முழுக்கப் பீலித் தண்ணீர் தானே இறங்கி வர, மோட்டார் ஓடாமல் கிடந்திருக்கிறது. வார்ப்பிரும்பில் ஏறிய துரு பித்தளையைப் பிடித்துக்கொண்டது. தண்டின் பின்முனையில் உள்ள வெட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து இரு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். சுத்தியலால் தட்டினால் சீல் போகும், பேரிங்கும் போகலாம். விடவில்லையென்றால் முன்மூடியைக் கழற்றித் துருவைச் சுரண்டுவதே வழி. இங்கே விட்டது; இரண்டு சுற்றுக்குப் பின் தண்டு தடையில்லாமல் ஓடியது.

திரும்ப மின் கொடுத்தால் மறுபடியும் உம். தண்டு இலகுவாகச் சுற்றுகிறது, ஆனாலும் புறப்படவில்லை என்றால் அடுத்த கை கெப்பாசிட்டருக்குத்தான் போக வேண்டும். குச்சியால் இறக்கையைத் தட்டிவிட்டால் தட்டிய பக்கமே ஓடும் என்ற பழைய சோதனை நம் எல்லோருக்கும் தெரியும். துணை முறுக்கு வேலை செய்யவில்லை என்று அது சொல்லும், ஆனால் இறக்கை குச்சியைப் பறித்தால் அடுத்தது விரல்தான். பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரை ஒரு பல்பு வழியாக வெறுமையாக்கி, மீட்டரில் அளந்தேன். தகட்டில் 10 மைக்ரோபாரட், மீட்டரில் 6.2. முற்றாகச் செத்தது என்றால் யாரும் கண்டுபிடிப்பார்கள். இப்படிப் பாதி செத்தது பாரமில்லாதபோது ஓடிக் காட்டி நம்மை ஏமாற்றும். 9க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். கெப்பாசிட்டர் அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள், மோட்டார் ஓடும்போது கெப்பாசிட்டர் வயரில் கிளாம்ப் போட்டு, அதன் இரு முனைகளுக்கிடையேயான வோல்ட்டையும் அளந்து கணக்கிடலாம். அந்த வோல்ட் மெயினைவிடக் கூடுதலாக வரும், பயப்பட வேண்டாம்.

C (µF) = 3183 × I ÷ V

புது 10 மைக்ரோபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டேன். மோட்டார் எடுத்தது, தாங்கி நிறைந்தது, நான் வந்துவிட்டேன். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இங்கேயே முடிந்திருக்கும்.

மாலை ஏழு மணிக்கு அழைப்பு. "தம்பி, திரும்பவும் உம்முங்குது." மறுநாள் காலை ஆறு மணிக்கு நன்றாக எடுத்தது. அன்று இரவு மீண்டும் உம். ஒரே கோளாறு நேரம் பார்த்து வந்தால் கெப்பாசிட்டரையும் இம்பெல்லரையும் குற்றம் சொல்ல முடியாது. இரவில் போய் அளந்தேன். மோட்டார் போடாதபோதே மின்மானியில் 196 வோல்ட். போட்ட கணத்தில் மின்மானியில் 188, தொண்ணூறு மீட்டர் கீழே பம்பில் 172.

புறப்படும் விசை வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 172ஐ 230ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.56. அதாவது தண்ணீர் நிறைந்த பம்பை ஏறக்குறைய பாதி பலத்தோடு தள்ளச் சொல்கிறோம். நின்றபோது இழுக்கும் மின்னோட்டமும் பத்திலிருந்து ஏழரைக்கு இறங்குகிறது, சுருளின் சூடும் அதே 0.56தான். அதனால் ஓவர்லோட் இருந்தாலும் அது விழ நெடுநேரம் எடுக்கும். சுற்றவும் இல்லை, ட்ரிப்பும் இல்லை என்ற புதிருக்கு மலையகத்தில் பாதி விடை இங்கேதான் இருக்கிறது.

இதில் நம் பங்கையும் மறைக்க வேண்டாம். மின்மானிக்கும் பம்புக்கும் நடுவே விழுந்த 16 வோல்ட் நாம் இழுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தொலைந்தது. நான்காக மாற்றினால் அது ஆறு அளவுக்கு இறங்கும். மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், செலவு அந்த அம்மாவின் தலையில். ஆனால் மாற்றியும் பம்புக்குக் கிடைப்பது 182தான். 230க்கு ஆறு சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது சட்டம். கீழெல்லை 216. மோட்டாரைத் தொடுவதற்கு முன்பே இருபது வோல்ட் காணோம். அதை யாரிடம் கேட்பது?

கேட்டுப் பார்த்தேன். பொறுப்பான அலுவலகத்தில், பகலில் ஆளனுப்பி அளந்ததாகவும் எல்லாம் சரியென்றும் சொன்னார்கள். பகலில் சரிதான், அதை நானும் அளந்தேனே! இரவு ஏழு மணிக்கு வரச் சொன்னால் மேலதிக நேரத்துக்கு அனுமதி இல்லையாம். மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்கடியில் போனது. 1950இலிருந்து லக்சபானவில் மலைத் தண்ணீர் மின்சாரம் தருகிறது. மவுசாகலை அணையைப் பார்த்தபடி இருக்கும் லயத்தில் அரைக் குதிரைவலு மோட்டார் எடுக்க வோல்ட் இல்லை. பிளக்கின் முள் சதுரமா உருண்டையா என்று பார்க்க விதி இருக்கிறது. முள்ளுக்கு வந்து சேரும் வோல்ட்டை இரவில் வந்து பார்க்கத்தான் ஆளில்லை. பத்தாண்டாக இதே பக்கத்தில் எழுதி எனக்கே அலுத்துவிட்டது, வாசகர்களுக்கும் அலுத்திருக்கும். மன்னிக்கவும், நிறுத்துவதாக இல்லை.

இந்த வோல்ட் பஞ்சம் நம் தொழிலையும் கெடுக்கிறது. 10 மைக்ரோபாரட் எடுக்கவில்லையென்றால் 16 போட்டு எடுக்க வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. இரவில் எடுக்கும், உண்மை. ஆனால் காலையில் 230 வந்ததும் துணை முறுக்கில் அளவுக்கு மீறி ஓட்டம் பாய்ந்து, சில மாதங்களில் அது கருகும். கருகிய சுருளைக் கட்டுபவரும் நம்மில் ஒருவர்தான் என்பதால் இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தகட்டில் உள்ள அளவையே போடுங்கள். இரவில் தண்ணீர் ஏற்ற வேண்டாம், காலை ஐந்து மணிக்கு ஏற்றுங்கள் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். கேவலமான ஆலோசனைதான், தெரியும். இன்றைக்கு மோட்டாரைக் காப்பது அதுதான்.

உம்மென்ற மோட்டாருக்குப் போகும் ஒவ்வொருவரும் பில் புத்தகத்தில் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: நேரம், மின்மானியில் வோல்ட், ஸ்டார்ட் செய்யும் கணத்தில் பம்பில் வோல்ட். பகல் அளவு வேண்டாம், அது அவர்களிடமே இருக்கிறது. மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையே எடுத்ததை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள்.