வேகக் கணக்கில் விடுபட்ட நிரல்

2024 ஆகஸ்ட் 2 அன்று டிராய் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகள் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தன. காலாண்டுக்கு ஒருமுறை கொடுத்துவந்த அளவுகளை 2025 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் கொடுக்கிறோம். அளவுகோலை எட்டாவிட்டால் கட்டவேண்டிய அபராதம் 50,000 ரூபாயில் தொடங்கியது போய், 1 லட்சத்தில் தொடங்குகிறது. சேவைத்தரத்தை இறுக்கிப் பிடிப்பதில் நமக்கு மறுப்பில்லை. காலாண்டுச் சராசரிக்குள் மோசமான மாதங்கள் ஒளிந்துகொண்ட காலம் முடிந்தது நல்லதுதான்.

நமது மறுப்பு வேறு இடத்தில். வேகத்துக்கு இத்தனை விலை வைத்த பிறகும், அந்த வேகத்தை அளந்த கைபேசி எந்த நிலையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பேட்டரி சேவர் போட்ட கைபேசியில் எடுத்த அளவு அந்தக் கைபேசியையும் சேர்த்துத்தான் அளக்கிறது; அதை நெட்வொர்க்கின் தலையில் கட்டுவது தவறு. லோ பவர் மோடில் 5ஜி கட்டுப்படுத்தப்படும் என்று ஆப்பிளின் உதவிப் பக்கமே சொல்கிறது. வீடியோ ஓடும்போதும் பெரிய டவுன்லோடுக்கும் மட்டும் விலக்கு. சாம்சங்கின் பவர் சேவிங்கில் பிராசஸர் வேகத்தை 70 சதவீதத்துக்குள் நிறுத்தும் தேர்வு உண்டு. 5ஜியை அணைக்கும் தேர்வும் பல மாடல்களில் உண்டு.

ஒரு புகாரைச் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் ஓர் அடுக்ககம். இரவில் நெட் நகரவில்லை என்று ஓர் அம்மா இரண்டு முறை புகார் கொடுத்திருந்தார். இரண்டு முறையும் நம் பையன் காலை பத்து மணிக்குப் போனான், தன் கைபேசியில் அளந்தான், 400 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வந்தது, 'பழுது இல்லை' என்று டிக்கெட்டை மூடினான். மூன்றாவது முறை நானும் போனேன். "காலைல வந்து பாத்தா நல்லாத்தான் தம்பி இருக்கும், ராத்திரி வந்து பாருங்க" என்று அவர் சொல்லியிருந்ததால் எட்டரை மணிக்குப் போனோம். அவர் நீட்டிய ஐபோனில் 14 சதவீதம், பேட்டரிச் சின்னம் மஞ்சள், பக்கத்தில் எல்டிஇ. அதே ஜன்னலோரம் பையனின் கைபேசி 5ஜியில் நின்றது.

லோ பவர் மோடை அணைத்தோம். சில விநாடிகளில் 5ஜி ஏறியது. அதே இடம், அதே சர்வர். ஒருமுறை அணைத்து, ஒருமுறை போட்டு, மாற்றி மாற்றி ஐந்தைந்து அளவுகள் எடுத்து நடு மதிப்பைப் பார்த்தோம். போட்டிருந்தபோது 22, அணைத்தபோது 205. இந்த 205ஐக் கவனியுங்கள். காலையில் 400ஐத் தாண்டிய இடம் அது. ஆக, நெரிசலும் உண்மை, சேவரும் உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், நாங்கள் இரண்டு நிலையிலும் அளந்ததுதான்.

இங்கேதான் என் நெடுநாள் மனக்குறை. நமது பிஸி அவர் இரவு எட்டு மணியைச் சுற்றி வருகிறது. காலையில் நிறைத்துக்கொண்டு கிளம்பிய பேட்டரி காலியாவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். ஐபோன் 20 சதவீதத்தில் லோ பவர் மோடைப் போடச் சொல்லிக் கேட்கும். பலரும் சரி என்று தட்டிவிடுவார்கள். தட்டியவர்களில் பலர் 5ஜியை விட்டு, ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும் எல்டிஇ லேயரில் வந்து இறங்குகிறார்கள். இரவு நேரத்து அளவுகள் சரிவதைப் பார்க்கிறவர் அதை முழுக்க செல்லின் நெரிசலாகவே எழுதிக்கொள்வார். எதிர்ப்பக்கம், நமது ட்ரைவ் டெஸ்ட் கைபேசிகளோ காரின் சார்ஜரிலேயே வாழ்கின்றன. சேவரை அவை பார்த்ததே இல்லை. ட்ரைவ் டெஸ்டும் மக்கள் எடுக்கும் அளவும் ஏன் ஒத்துவரவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போடுகிறோமே, அதில் ஒரு பங்கு இந்த மஞ்சள் சின்னத்துக்குச் சேரும்.

எனவே அளக்கும் முறை. ஐபோனில் லோ பவர் மோடைக் கையால் அணைத்துவிடுங்கள். சார்ஜரில் போட்டால் போதும் என்று நம்ப வேண்டாம். 80 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் அது தானாக விலகும். ஆண்ட்ராய்டில் சிக்கல் வேறு மாதிரி. கேபிளைச் செருகியதும் சேவர் ஒதுங்கிக்கொள்ளும். மடிக்கணினியில் பார்த்தால் அணைந்தே தெரியும். கேபிளைப் பிடுங்கினால், பேட்டரி போதுமான அளவு ஏறியிராதபோது, முன்பு கையால் போட்ட சேவர் திரும்பி வந்துவிடும். கேபிளோடு சரிபார்த்து, கேபிள் இல்லாமல் அளந்து, பொய் எண்ணை எழுதிவந்த அறிக்கைகள் என் மேசைக்கே வந்திருக்கின்றன. கேபிள் இல்லை என்று கைபேசியை நம்பவைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்:

```
adb shell dumpsys battery unplug
adb shell settings get global low_power
adb shell cmd power set-mode 0
adb shell settings get global low_power
adb shell dumpsys battery reset
```

இரண்டாவது வரிக்கு 1 வந்தால் சேவர் போட்டிருக்கிறது. நான்காவது வரிக்கு 0 வர வேண்டும். கேபிளை எடுத்த பின் திரையை இழுத்து ஒருமுறை கண்ணாலும் பார்த்துவிடுங்கள். சில தயாரிப்பாளர்கள் தங்களுடைய சிக்கன முறையைத் தனியாக வைத்திருப்பதால் இந்த 0 மட்டும் போதாது. கேபிள் தொல்லை வேண்டாமென்று வயர்லெஸ் டீபக்கிங்கை நாடினால் வைஃபை இணைந்திருக்கும், டெஸ்ட் அதன் வழியே ஓடிவிடும். சேவரை அணைத்த பிறகு முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். என்எஸ்ஏவில் டேட்டா ஓட ஆரம்பித்த பிறகுதான் 5ஜி கால் முழுதாக இணையும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வைஃபையின் சொந்த பவர் சேவ், பேட்டரி சேவரை அணைத்தாலும் போகாது. சும்மா கிடக்கும் கைபேசிக்கு விநாடிக்கு ஒரு பிங் அனுப்பினால் பீக்கன் இடைவெளியான 102.4 மில்லிவிநாடி அளவுக்கும் அதற்கு மேலும் தாமதம் தெரியும். பிங்கை நெருக்கி அனுப்பினால் கைபேசி விழித்தே இருக்கும், தாமதம் சட்டென்று விழும். அப்படி விழுந்தால் அக்சஸ் பாயின்ட்டைக் குறை சொல்லாதீர்கள்.

இனி டிராய்க்கு. data.gov.in தளத்தில் வெளிவந்த மைஸ்பீட் கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நிறுவனம், தொழில்நுட்பம், டவுன்லோடா அப்லோடா, வேகம், சிக்னல், வட்டம், அவ்வளவுதான். எத்தனை மணிக்கு எடுத்தது என்பது கிடையாது. என்ன கைபேசி என்பது கிடையாது. சேவர் போட்டிருந்ததா என்பதும் கிடையாது. இது செய்ய முடியாத காரியமா? ஆண்ட்ராய்டில் `isPowerSaveMode()` 5.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆப்பிளில் `isLowPowerModeEnabled` ஐஓஎஸ் 9இலிருந்து. இரண்டுமே ஒரு வரி. பயனரிடம் தனி அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. அபராதத்தை இரட்டிப்பாக்கக் கைவந்தவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சேர்க்க ஏன் கைவரவில்லை?

தவறான எண் எங்கே போய் விழுகிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அபராத அறிவிப்பு நிறுவனத்துக்கு வரும். அங்கிருந்து வட்டத்துக்கு, வட்டத்திலிருந்து ஏரியாவுக்கு, கடைசியில் அந்த செல்லைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவாக. மஞ்சள் சின்னத்தோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து வந்த அப்படியொரு மெமோவுக்கு நான் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். படத்தில் பேட்டரி 11 சதவீதம் என்று கண்ணுக்கு நேரே இருந்தது. மேலே இருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை, அவனுடைய அந்த வருட ஊக்கத்தொகை போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மைஸ்பீட் பதிவில் சேவர் நிலையும் அளந்த நேரமும் தனித்தனி நிரலாக வேண்டும், சேவர் போட்டு எடுத்த அளவுகளைத் தனியாகப் பிரித்து வெளியிட வேண்டும் என்று டிராய்க்கு எழுதியிருக்கிறோம். நம் பங்குக்கு, அடுத்த இதழ் முதல் கள அறிக்கை அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு அளவுக்கும் நேரம், பேட்டரி சதவீதம், சேவர் நிலை, கேபிள் இருந்ததா இல்லையா ஆகிய நான்கையும் அட்டவணையில் சேர்த்து அனுப்புங்கள். இவை இல்லாத அட்டவணையை அச்சேற்ற மாட்டோம்.