போன் தாவுவது டவரின் குற்றமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மாடியறையில் வாட்ஸ்அப் அழைப்பு அறுந்தால் உடனே வரும் பதில், 'இந்த ஏரியாவில் டவர் சரியில்லை' என்பதுதான். கூடவே ஒரு யோசனையும் வரும்: 'தானாக மாறும் செட்டிங்கைப் போட்டுவிடு. எந்த நெட் நல்லதோ அதைப் போனே பிடித்துக்கொள்ளும்.' கீழ் ஹாலில் ரௌட்டர், மேலே கான்கிரீட் தளம், அதற்கும் மேலே படுக்கையறை என்று கட்டப்பட்ட வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் தவறான இடத்தைக் குற்றம் சொல்கிறது.

திரையில் தெரியும் கோடுகளை வைத்து டவரை எடைபோடுகிறார்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதற்குப் பொதுவான விதி கிடையாது, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் கணக்கில் காட்டுகிறார். 2010 ஜூலையில், ஐபோன் 4 சர்ச்சையின்போது, கோடுகளைக் கணக்கிடும் தன் சூத்திரமே தவறு என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. நம்பத்தக்கது dBm எண். பல ஆண்ட்ராய்டு போன்களில் About phone பக்கத்தில் SIM status என்பதற்குள் மொபைல் சிக்னல் எண் கிடைக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் தெரியும். வைஃபை எண்ணுக்கு ஆண்ட்ராய்டில் ஒரு வைஃபை அனலைசர் செயலி போதும். எண் மைனஸில் இருக்கும். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு கூடும், 10 குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்காகும்.

எண்ணைப் பார்ப்பவர்களும் ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். வைஃபை -80, மொபைல் -95 என்றால் வைஃபைதான் மேல் என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. வைஃபை எண் முழுச் சேனலின் வலு. 4ஜி எண்ணோ சேனலில் உள்ள நூற்றுக்கணக்கான சிறு அலைகளில் ஒன்றின் வலு. 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி சேனலில் அப்படி 1200 சிறு அலைகள் உண்டு. முழுச் சேனலுக்கும் கணக்கிட்டால் அந்த -95 ஏறக்குறைய -65 ஆகிவிடும். ஆகவே மொபைலில் -95 தாராளமாக வேலை செய்யும். வைஃபையில் -80 தடுமாறும்.

'எது நல்லதோ அதைப் போன் எடுக்கும்' என்பது அடுத்த வாதம். வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு ஒரு சிறு முகவரியைக் கேட்டுப் பார்க்கிறது. சரியான பதில் வந்தால் 'இணையம் உண்டு' என்று முடிவு செய்கிறது. அது உயிர் இருக்கிறதா என்ற சோதனையே தவிர, வேகச் சோதனை அல்ல. தயாரிப்பாளர்கள் தங்கள் சோதனைகளையும் சேர்க்கிறார்கள், ஆனால் எந்த எல்லையில் மாறுவது என்பது போனுக்குப் போன் வேறுபடும்.

அந்த எல்லையில்தான் மாடியறை சிக்குகிறது. ஒரு வீட்டில் ஹாலில் -50, படிக்கட்டில் -68, மேலே கட்டிலில் -80 என்று வைத்துக்கொள்வோம். கட்டிலில் படுத்தால் போன் மொபைலுக்குப் போகும். தண்ணீர் குடிக்கப் படிக்கட்டுவரை வந்தால் வைஃபைக்குத் திரும்பும். ஒவ்வொரு தாவலிலும் போனின் ஐபி முகவரி மாறுவதால் பல செயலிகளில் இணைப்பு முறிந்து மறுபடி தொடங்குகிறது. வாட்ஸ்அப் அழைப்பு சில நொடி மௌனமாவது இதனால். வைஃபை வழியாகப் போகும் சாதாரண சிம் அழைப்பு பெரும்பாலும் அறுவதில்லை. அந்த மாற்றத்தை மொபைல் நிறுவனத்தின் சொந்த வலையமைப்பு கையாள்கிறது.

'போட்டுவைத்தால் நஷ்டமில்லை' என்பதும் சரியல்ல. 2015இல் ஐஓஎஸ் 9 உடன் ஐபோனில் வந்த இதே வகைச் செட்டிங்கான Wi-Fi Assist, கேட்காமலே இயங்கும் நிலையில் இருந்தது. தெரியாமல் டேட்டா தீர்ந்து கட்டணம் ஏறியதாகச் சொல்லி, அடுத்த மாதமே கலிபோர்னியாவில் ஆப்பிள் மீது வழக்கு தொடுத்தார்கள். நம்மூர் பிரீபெய்டு திட்டங்களில் கட்டணம் ஏறாது. ஆனால் தினசரி 1.5 ஜிபி தீர்ந்தால் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அன்று இரவு டவரைத் திட்டுவதற்கு இது போதும்.

டவரே காரணமாக இருக்கும் வீடுகளும் உண்டு. கண்டறிய, அதே கட்டிலில் வைஃபையை அணைத்துவிட்டு, இரவு 9 மணிக்கும் விடிகாலையிலும் வேகம் பாருங்கள். dBm மாறாமல் இரவில் மட்டும் வேகம் விழுந்தால் டவரில் நெரிசல். எந்த நேரத்திலும் -115க்குக் கீழே என்றால் சிக்னலே எட்டவில்லை. இரண்டும் இல்லாமல் மொபைல் நன்றாக ஓடினால் குறை வீட்டு வைஃபையில்தான்.

அதற்குச் செட்டிங் மருந்தாகாது. ரௌட்டரை ஹால் மூலையிலிருந்து படிக்கட்டுப் பக்கம் நகர்த்துங்கள். போதாவிட்டால் லேன் கேபிள் இழுத்து மாடியில் ஒரு ஆக்ஸஸ் பாயின்ட் வையுங்கள். ரிப்பீட்டர்தான் வாங்குவது என்றால், சிக்னல் செத்த அறையில் அல்ல, -65 அளவு கிடைக்கும் இடத்தில் மாட்டுங்கள். அதுவரை அழைப்பு பேசும்போது, சாம்சங்கில் Intelligent Wi-Fi பக்கத்தில் Switch to mobile data-வையும், ஐபோனில் Mobile Data பக்கத்தின் அடியில் Wi-Fi Assist-ஐயும் அணைத்துவிட்டு, மாடியில் வைஃபையா மொபைலா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.