உலர் காளானும் ஊறிய எடையும்

"100 கிராம் உலர் காளான் ஒரு கிலோ பச்சைக் காளானுக்குச் சமம்" என்று சொல்லி விற்பவர்கள் நம்மில் உண்டு. இதில் பாதிதான் உண்மை என்பதை நாம் உணர வேண்டும்.

ஒரு கிலோ சிப்பிக் காளானில் சுமார் 900 கிராம் தண்ணீர்தான். உலர்த்தினால் 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சும். அதுவரை கணக்கு சரி. ஆனால் அதை ஊற வைத்தால் மீண்டும் ஒரு கிலோ வராது. சூட்டில் காயும்போது காளானின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்வதால், போன தண்ணீர் முழுவதும் திரும்ப ஏறுவதில்லை. அரைக் கிலோ தேறினாலே நல்ல சரக்கு. வீட்டில் நிறுத்துப் பார்க்கும் வாடிக்கையாளர் நம் தராசைத்தான் சந்தேகிப்பார்.

எனவே புதுச் சரக்கு வந்ததும் 50 கிராமை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிழியாமல், சல்லடையில் ஐந்து நிமிடம் வடிய விட்டு நிறுத்துப் பாருங்கள். 225 கிராம் நின்றால் நாலரை மடங்கு. அந்தக் கணக்கையே வாடிக்கையாளரிடம் சொல்வோம்.

மடங்கு வழக்கத்தைவிடக் குறைந்தால், சரக்கு அதிகச் சூட்டில் காய்ந்திருக்கலாம். அல்லது சரியாகக் காயாமல் வந்திருக்கலாம். ஊறாத துண்டு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடியாமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது. அந்தச் சரக்கில் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம்; சில நாட்களில் பூஞ்சையும் பிடிக்கும். அதைத் திருப்பி அனுப்பத் தயங்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.