நுன்ச்சியும் இங்கிதமும்

கொரிய மொழியில் நுன்ச்சி என்றொரு சொல் உண்டு. அதன் முற்பகுதியாகிய ‘நுன்’ என்பது கண்ணைக் குறிக்கும். ஓர் அவையில் நுழைந்தவுடன் அங்கிருப்போரின் மனநிலை இன்னதென்று, எவரும் வாய்திறந்து கூறாமலேயே உணர்ந்துகொள்ளும் திறனே நுன்ச்சி. ஆங்கிலத்தில் இதனை ‘டாக்ட்’ எனப் பெயர்ப்பதுண்டு. அதன்வழியே தமிழில் ‘இங்கிதம்’ என்று எழுதிவிடலாம் எனத் தோன்றும். அது முற்றிலும் தவறன்று, ஆயினும் போதாது. இங்கிதம் இன்று பேச்சிலும் நடத்தையிலும் வெளிப்படும் பண்பைச் சுட்டுகிறது. நுன்ச்சியோ பேசுவதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிடும் அறிதல்.

கொரியர் அச்சொல்லோடு சேர்த்து வழங்கும் வினைகளே இதற்குச் சான்று. நுன்ச்சி உடையவரை அவர்கள் ‘நுன்ச்சி விரைவானவர்’ என்பர். விரைவு என்பது பண்பின் அளவன்று, புலனின் அளவு. நுன்ச்சி விரைவாக இருந்தால் பௌத்த மடத்திலும் மீன் ஊறலின் சாறு கிடைக்கும் என்பது அவர்தம் பழமொழி. புலால் விலக்கிய இடத்திலும் தனக்கு வேண்டியதைப் பெற்றுவிடுபவனிடம் இருப்பது சாமர்த்தியமே. அதனை இங்கிதம் என எவர் கூறுவர்?

கொரிய மாணவர் ஆடும் ‘நுன்ச்சி விளையாட்டு’ இதனை இன்னும் தெளிவாக்கும். அறுவர் வட்டமாக அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் திடீரென எழுந்து ‘ஒன்று’ என்பார். வேறொருவர் எழுந்து ‘இரண்டு’ என்பார். யார் அடுத்து எழுவது என்பதற்கு முறை இல்லை, சைகையும் இல்லை. இருவர் ஒரே நொடியில் எழுந்து ‘மூன்று’ என்றால் இருவரும் தோற்றவர். அஞ்சித் தயங்கி இறுதிவரை எழாதிருப்பவரும் தோற்றவரே. எதிரில் இருப்பவரின் தோள் அசைவதையும் மூச்சு மாறுவதையும் கண்டு, எழுவதா பொறுப்பதா என நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். பணிவான சொல்லுக்கு இங்கு இடமே இல்லை.

இச்சொல்லுக்கு ஒரு கசப்பான முகமும் உண்டு. ‘நுன்ச்சி பார்த்தல்’ என்பது பிறர் முகம் பார்த்து அஞ்சி நடத்தலையும் குறிக்கும். வேலை முடிந்தபின்னும், மேலாளர் எழுந்து செல்லவில்லை என்பதற்காகவே ஊழியர்கள் இருக்கையில் அமர்ந்திருக்கும் வழக்கத்தைக் கொரியர் நுன்ச்சியின் பெயராலேயே அழைக்கின்றனர். ‘நுன்ச்சி கொடுத்தல்’ என்றாலோ, ஒருவர் அங்கிருப்பது விருப்பமில்லை என்பதைப் பார்வையாலேயே உணர்த்துதல். இங்கிதம் அற்ற செயலுக்கும் அதே சொல் பயன்படுவதை இங்குக் காணலாம்.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ‘குறிப்பறிதல்’ எனலாம். திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் அப்பெயரைப் பெற்றுள்ளன. எனினும் ஒருவர் உள்ளத்தை அவர் முகத்திலும் கண்ணிலும் அறிவதே அங்குப் பெரிதும் பேசப்படுகிறது. கூட்டம் முழுவதன் போக்கையும் ஒருங்கே அறிவது நுன்ச்சி. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் பழமொழிக்குச் ‘சாமர்த்தியம்’ என்றும், அலுவலகக் காட்சிக்கு ‘முகம் பார்த்து நடத்தல்’ என்றும் இடமறிந்து எழுதலாம். விளையாட்டின் பெயரை மட்டும் ‘நுன்ச்சி’ என்றே விட்டுவிடுதல் நன்று.